ஒரே ஷிஃப்ட், இரண்டு ஓவர்டைம்: ஞாயிற்றுக்கிழமை எந்த வாரத்தில் விழுகிறது?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு சமையலறைக்கு நான் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சம்பளச் சீட்டையும் ஒரு பழைய டைரியையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "தங்கச்சி, ஜூலையில் நான்கு மணி நேரத்தைக் காணவில்லை" என்றார். டைரியில் ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. எங்கள் மென்பொருளில் இருந்த நேரங்களும் அவையேதான். ஒரு நிமிடம்கூட வேறுபடவில்லை. ஆனால் அவருடைய கூட்டலில் 4 மணி நேர ஓவர்டைம் வந்தது. எங்கள் சீட்டில் பூஜ்யம்.

அரை மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது. அவர் வாரத்தைத் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடித்திருந்தார். மென்பொருள் ஞாயிற்றில் தொடங்கிச் சனியில் முடித்திருந்தது. அமைப்புப் பக்கத்தின் ஒரு மூலையில் இருந்த அந்தத் தேர்வை யாரும் தொட்டதே இல்லை.

சிங்கப்பூரில் இது நம் விருப்பத்துக்கு விடப்பட்ட தேர்வு இல்லை. வேலை நியமனச் சட்டத்தின் 4ஆம் பகுதி வேலை நேரத்தைக் கணக்கிடுவதற்கு வாரம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறது: ஞாயிறு நள்ளிரவில் தொடங்கும் தொடர்ச்சியான ஏழு நாட்கள், அதாவது திங்கள் முதல் ஞாயிறு வரை. அமெரிக்காவில் எந்த நாளில் தொடங்குவது என்பதை முதலாளியே முடிவு செய்து நிலையாக வைத்துக்கொள்ளலாம். பல நாடுகளில் விற்கப்படும் மென்பொருளில் அந்தத் தேர்வு இருப்பதில் வியப்பில்லை. அதை இங்கே கொண்டுவந்து அப்படியே விட்டுவிட்டால்தான் கோளாறு.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடலுழைப்பு வேலை செய்பவர் என்றால் அடிப்படை மாதச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி. அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

அறிகுறி 1: ஊழியரின் கூட்டலில் ஓவர்டைம் வருகிறது, சம்பளச் சீட்டில் இல்லை

அண்ணனுடைய நாட்களையே எடுத்துக்கொள்வோம். அவருடைய ஒப்பந்தம் வாரம் 44 மணி நேரம், நாளுக்கு 8 மணிக்கு மிகாமல், நாட்கள் ரோஸ்டர்படி. ஓய்வு நாள் புதன்கிழமை. சாப்பாட்டு நேரத்தைக் கழித்த பிறகு 2025 ஜூலையில் அவர் பார்த்த வேலை இது:

```
ஞாயிறு   6   0
திங்கள்   7   8
செவ்வாய்  8   8
புதன்     9   ஓய்வு
வியாழன் 10   8
வெள்ளி  11   8
சனி     12   8
ஞாயிறு  13   8
திங்கள்  14   8
செவ்வாய் 15   8
புதன்    16   ஓய்வு
வியாழன் 17   8
வெள்ளி  18   8
சனி     19   4
ஞாயிறு  20   0
```

6ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஆர்டர் இல்லாததால் சமையலறை மூடியிருந்தது. இடையில் மொத்தம் 84 மணி நேரம் வேலை.

வாரத்தைத் திங்களில் தொடங்கினால் 7 முதல் 13 வரை 48 மணி நேரம். 44க்கு மேல் 4. அடுத்த வாரம், 14 முதல் 20 வரை, 36 மணி நேரம், ஓவர்டைம் இல்லை. ஆக 4 மணி நேரம்.

வாரத்தை ஞாயிற்றில் தொடங்கினால் 6 முதல் 12 வரை 40 மணி நேரம். 13 முதல் 19 வரை 44. இரண்டுமே எல்லையைத் தாண்டவில்லை. ஆக பூஜ்யம்.

இரண்டு கணக்குக்கும் இடையே நகர்ந்தது என்ன? 13ஆம் தேதி ஞாயிறு ஒன்று மட்டும்தான். திங்கள் முதல் சனி வரையிலான ஆறு நாட்களும் எந்த முறையிலும் ஒன்றாகவே இருக்கின்றன. திங்களில் தொடங்கும் வாரத்தில் அந்த ஆறு நாட்களோடு பின்னால் வரும் ஞாயிறு சேர்கிறது. ஞாயிற்றில் தொடங்கும் வாரத்தில் முன்னால் போன ஞாயிறு சேர்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதிலிருந்தே எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. சந்தேகமான வாரத்தில் திங்கள் முதல் சனி வரை கூட்டி வையுங்கள். முன்னால் உள்ள ஞாயிற்றின் நேரத்தையும் பின்னால் உள்ள ஞாயிற்றின் நேரத்தையும் தனித்தனியே அதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஞாயிறும் ஒரே அளவு என்றால் வாரத் தொடக்கம் குற்றவாளி இல்லை, வேறிடத்தில் தேடுங்கள். அளவு வேறுபட்டாலும் இரண்டு கூட்டலும் 44க்குள் இருந்தால் அந்த வாரத்தில் தவறு நேரவில்லை. ஒன்றாவது 44ஐத் தாண்டினால்தான் சிக்கல். அண்ணனின் முதல் வாரத்தில் 40ஓடு 0 சேர்ந்தால் 40, 40ஓடு 8 சேர்ந்தால் 48. எல்லைக்கோடு நடுவில் நிற்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் ஒருவருக்கு மென்பொருள் எத்தனை ஆண்டுகள் தவறான அமைப்பில் இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒரு ஞாயிறு வேலை, மறு ஞாயிறு வீடு என்று இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

பணத்தில் எவ்வளவு? மணிக்கணக்கான அடிப்படை ஊதியம், மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 × 44 = 2,288ஆல் வகுத்து வருவது. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று சம்பளத்தையும் 2,288 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 12 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பதால் 18 வெள்ளி. நான்கு மணி நேரத்துக்கு 72 வெள்ளி.

அவசரப்பட்டு நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தை ஒருமுறை புரட்டுங்கள். ஒரு வாரம் 44க்குக் குறைவாகவும் மறுவாரம் கூடுதலாகவும் வேலை என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால், கூடுதல் வாரத்தில் 48 மணி வரை, தொடர்ந்த இரண்டு வாரத்தில் 88 மணி வரை ஓவர்டைம் இல்லாமலே போகலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. அண்ணனின் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை.

அறிகுறி 2: அமைப்பைத் திங்களுக்கு மாற்றியதும் ஒருவருக்கு ஓவர்டைம் குறைகிறது

எனக்கே இது முதலில் தூக்கிவாரிப் போட்டது. சட்டப்படி திருத்தினால் எல்லாருக்கும் கூடத்தானே வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அண்ணனின் இரண்டு வாரத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள்: முதல் திங்கள் முதல் சனி வரை 36, நடுவில் ஞாயிறு 8, அடுத்த திங்கள் முதல் சனி வரை 40. திங்கள் கணக்கில் 44, 40, ஓவர்டைம் இல்லை. ஞாயிறு கணக்கில் 36, 48, ஓவர்டைம் 4.

ஞாயிற்று வேலை எந்தப் பக்கத்து வாரத்தோடு ஒட்டுகிறதோ அந்த வாரம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததா என்பதே கேள்வி. இந்தத் தொடக்கம் முதலாளிக்குச் சாதகம், அந்தத் தொடக்கம் தொழிலாளிக்குச் சாதகம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இனிவரும் மாதங்களுக்குச் சரியான கணக்கு, ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்க வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. அமைப்பைக் கவனிக்காதது அலுவலகத்தின் தவறு. அதற்குச் சமையலறைக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அறிகுறி 3: எப்படி மாற்றினாலும் எண் மாறவே இல்லை

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுமே கோளாறு இல்லை.

ஓவர்டைம் முழுவதும் நீண்ட நாட்களிலிருந்து வந்திருக்கலாம். சட்டம் வாரத்துக்கு மட்டும் எல்லை வைக்கவில்லை, நாளுக்கும் வைக்கிறது: பொதுவாக 8 மணி நேரம், வாரம் ஐந்து நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை என்ற ஒப்பந்தமானால் 9. செவ்வாய்க்கிழமை 11 மணி நேரம் பார்த்த ஒருவருக்கு அந்த 3 மணி நேரம் அன்றைக்கே ஓவர்டைம் ஆகிவிடுகிறது. வாரம் எங்கே தொடங்கினாலும் செவ்வாய் செவ்வாய்தான்.

இன்னொரு காரணம், ஞாயிறே ஓய்வு நாளாக இருப்பது. அந்த நாளில் முதலாளி கேட்டு வேலைக்கு வந்தால் அதற்குத் தனிக் கணக்கு. வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம், பாதி வரை என்றால் ஒரு நாள் சம்பளம். அந்த மணி நேரங்கள் 44க்கான கூட்டலில் சேருவதில்லை. நகரக்கூடிய ஒரே நாளான ஞாயிறு கூட்டலிலிருந்தே விலகிவிட்டபின் தொடக்கத்தை மாற்றுவதால் எதுவும் மாறாது. சிங்கப்பூரில் பெரும்பாலான அலுவலகங்களில் இந்தக் கோளாறு ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஞாயிறு ஓய்வெடுக்கிறவர்களே பல நிறுவனங்களில் அதிகம். உணவகம், கடை, கிடங்கு, பராமரிப்பு இல்லம் என்று ஞாயிறும் இயங்கும் இடங்களில்தான் தலை நீட்டுகிறது.

அறிகுறி 4: கணினித் தாளில் திங்கள் என்று போட்டும் ஞாயிறு முன்வாரத்தோடு சேரவில்லை

சிறிய நிறுவனங்கள் பலவற்றில் மென்பொருளே கிடையாது. ஒரு எக்செல் தாள்தான். அங்கே `WEEKDAY`, `WEEKNUM` இரண்டும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஞாயிற்றையே முதல் நாளாக எடுத்துக்கொள்கின்றன. தாளின் தலைப்பில் "திங்கள் – ஞாயிறு" என்று தட்டச்சு செய்திருப்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

`WEEKNUM(A2,2)` என்று எழுதினால் திங்களுக்கு மாறும், ஆனால் அதிலும் ஒரு குழி உண்டு. ஜனவரி 1 வந்ததும் வார எண் 1இலிருந்து தொடங்கிவிடும். 2025 டிசம்பர் 29 திங்கள் முதல் 2026 ஜனவரி 4 ஞாயிறு வரை ஒரே வாரம்தான். அந்தச் சூத்திரம் அதை இரண்டாக வெட்டிவிடும். வார எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அந்த வாரத்துத் திங்களின் தேதியை எழுத வைப்பதே நல்லது. தேதி A பத்தியில், வேலை நேரம் C பத்தியில் என்று வைத்துக்கொண்டால்:

```
D2: =A2-WEEKDAY(A2,2)+1
E2: =MIN(C2,8)
F2: =MAX(0,C2-8)
G2: =MAX(0,SUMIFS(E:E,D:D,D2)-44)
```

D வாரத்தின் திங்கள். E நாளின் முதல் 8 மணி நேரம். F அன்றைய ஓவர்டைம். G அந்த வாரத்தின் ஓவர்டைம். அது அந்த வாரத்தின் ஏழு வரிகளிலும் திரும்பத் திரும்ப வரும் என்பதால் வாரத்துக்கு ஒரு வரியை மட்டும் எடுங்கள். E பத்தியைத் தனியாக வைத்ததற்குக் காரணம், செவ்வாயின் 3 மணி நேரத்தை அன்றைக்கும் எண்ணி, வாரக் கூட்டலிலும் இன்னொருமுறை எண்ணிவிடக்கூடாது என்பதே. ஓய்வு நாள் வேலையை C பத்தியில் எழுதாமல் வேறு பத்தியில் எழுதுங்கள். நாள் எல்லை 9 ஆனவருக்கு 8க்குப் பதில் 9.

சோதித்துப் பார்க்க A2இல் 2025 ஜூலை 13ஐ எழுதுங்கள். D2இல் ஜூலை 7 வர வேண்டும். ஜூலை 13ஏ வந்தால் சூத்திரம் இன்னும் ஞாயிற்றில் தொடங்குகிறது. ஜூலை 14 வந்தால் கூட்டல் கழித்தலில் எங்கோ ஒன்று பிசகியிருக்கிறது.

அறிகுறி 5: மாதக் கடைசியில் மட்டும் ஓவர்டைம் காணாமல் போகிறது

வாரத் தொடக்கத்தைச் சரிசெய்த பிறகும் இது வரும். 2025 ஜூலை 31 வியாழக்கிழமை. அந்த வாரம் ஜூலை 28 திங்கள் முதல் ஆகஸ்ட் 3 ஞாயிறு வரை. ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரையும் ஞாயிறும் எட்டெட்டு மணி நேரம் பார்த்திருக்கிறார், சனி ஓய்வு. மொத்தம் 48. மாதத்தோடு கணக்கை முடிக்கும் மென்பொருள் ஜூலையில் 32ஐயும் ஆகஸ்டில் 16ஐயும் பார்க்கிறது. இரண்டும் 44க்குக் கீழே. நான்கு மணி நேரம் போயே போய்விட்டது.

தீர்வு, ஓவர்டைம் காலத்தைச் சம்பள மாதத்திலிருந்து பிரிப்பது. சம்பளம் ஜூலை 1 முதல் 31 வரை இருக்கட்டும். ஓவர்டைம் ஜூலைக்குள் முடிந்த முழு வாரங்களுக்கு மட்டும், அதாவது 27ஆம் தேதி ஞாயிறு வரை. மிச்சம் அடுத்த சீட்டுக்குப் போகும். சம்பளச் சீட்டு விதி இதற்கு இடம் வைத்திருக்கிறது: ஓவர்டைம் காலம் சம்பளக் காலத்திலிருந்து வேறுபட்டால் அதன் தொடக்க, முடிவுத் தேதிகளைச் சீட்டில் தனியே காட்ட வேண்டும். ஓவர்டைம் பணத்தை, அந்த வேலை நடந்த சம்பளக் காலம் முடிந்த 14 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி 6: ஞாயிறு இரவு ஷிஃப்டில் குழப்பம்

ஞாயிறு இரவு 10 மணிக்கு வந்து திங்கள் காலை 6 மணிக்குப் போகிறவரின் எட்டு மணி நேரத்தை எந்த வாரத்தில் எழுதுவது? சட்டத்தின் வாரம் நள்ளிரவில் மாறுகிறது. எனவே 2 மணி நேரம் பழைய வாரம், 6 மணி நேரம் புதிய வாரம். பல மென்பொருள்கள் தொடங்கிய நாளிலேயே முழுவதையும் எழுதிவிடும். கூட்டலில் 2, 6 போன்ற துண்டுகள் எங்கும் தென்படாமல், இரவு ஷிஃப்ட் எல்லாமே முழு 8ஆக இருந்தால் அப்படித்தான் நடக்கிறது என்று பொருள்.

இதே இடத்தில் இன்னொரு விதி குறுக்கே வந்து ஆளைக் குழப்பும். ஷிஃப்ட் ஊழியரின் ஓய்வு நாள் தொடர்ந்து 30 மணி நேரம். அது ஞாயிறு மாலை 6 மணிக்கு முன் தொடங்கியிருந்தால், திங்கள் வரை நீண்டாலும் பழைய வாரத்தின் ஓய்வாகவே எண்ணப்படும். இது ஓய்வுக்கான விதி. வேலை நேரத்துக்கு இதைப் பூசக்கூடாது.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டவர்களுக்கு 44 என்பது தொடர்ந்த மூன்று வாரச் சராசரி. அங்கும் அதே இரண்டு ஞாயிறு சோதனைதான். ஆனால் மூன்று வாரத் தொகுதியின் இரு முனைகளிலும் உள்ள ஞாயிறுகளை ஒப்பிட வேண்டும், எல்லை 132.

அறிகுறி 7: அமைப்பை மாற்றிய மாதத்தில் ஒரு ஞாயிறு அநாதையாக நிற்கிறது

கோளாறு தெரிந்ததும் நான் அவசரமாகச் செய்த தவறு இது. 2025 செப்டம்பர் 1 திங்கள் என்பதால் அன்றிலிருந்து புதிய அமைப்பு என்று மாற்றினேன். பழைய கணக்கில் கடைசி முழு வாரம் ஆகஸ்ட் 24 முதல் 30 வரை. புதிய கணக்கு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. நடுவில் ஆகஸ்ட் 31 ஞாயிறு எந்த வாரத்திலும் இல்லை. அன்று எட்டு மணி நேரம் பார்த்தவர்களின் வேலை, ஒரே நாள் கொண்ட ஒரு வாரம்போலத் தனியே நின்றது. சட்டப்படி அது ஆகஸ்ட் 25 முதல் 31 வரையிலான வாரத்தின் கடைசி நாள்.

தேதியைப் பார்த்து மாற்றாமல், ஊழியரைப் பார்த்து மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொருவருக்கும் வேலை இல்லாத ஞாயிறு ஒன்றைத் தேடுங்கள். துணியில் தையல் பிரிக்கும் இடம்போல அதுதான் வெட்டுவதற்கு ஏற்ற இடம். பூஜ்யமான ஞாயிறு எந்தப் பக்கம் போனாலும் கூட்டல் மாறாது. அப்படிப்பட்ட இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவே உள்ள எல்லா வாரங்களையும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தால், வரும் வித்தியாசம் முழுமையானது. வெளியிலிருந்து எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. அண்ணனுக்கு ஜூலை 6உம் 20உம் அப்படி அமைந்தன.

எவ்வளவு பின்னால் போவது? வேலையில் இருப்பவர் சம்பளக் கோரிக்கையை ஓராண்டுக்குள் எழுப்பலாம், விலகியவர் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். நான் ஓராண்டுக்குத் தோண்டினேன். பதினேழு பேரில் பதினொரு பேர் ஞாயிறு ஓய்வுக்காரர்கள். அவர்களுக்கு எதுவும் மாறவில்லை. மற்ற ஆறு பேருக்கும் ஒரு முழு மாலை பிடித்தது.

அண்ணனின் அடுத்த சீட்டில் "ஓவர்டைம் நிலுவை, 7.7.2025 – 13.7.2025, 4 மணி நேரம்" என்று தனி வரியாக எழுதினேன். வாங்கிப் பார்த்துவிட்டு டைரியைத் திறந்தார், ஜூலைப் பக்கத்தில் நான்குக்குப் பக்கத்தில் ஒரு சரி குறி போட்டார். பிறகு, "ஆகஸ்ட் கடைசி ஞாயிறும் வேலைக்கு வந்தேன் தங்கச்சி, அதையும் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.